குழாய்த் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும்?

அந்த வீட்டில் நாலு பேர். ஊராட்சிக் குழாயில் விடிகாலை அரை மணி நேரம்தான் தண்ணீர். குடம் குடமாகச் சுமந்ததில் மருமகளுக்கு இடுப்புவலி வந்துவிட்டது. ஆடு விற்ற பணத்தில் மொட்டைமாடியில் எவர்சில்வர் தொட்டி வைக்கலாம் என்றார் மகன். “முதல்ல குழாய்ல ஹோஸ் மாட்டித் தூக்கிப் பாருங்க தம்பி” என்றார் கொத்தனார்.

சுவரோரம் தூக்கிப் பிடித்தார்கள். நாலடிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. மாடியில் எந்தத் தொட்டி வைத்தாலும் நிரம்பாது. தரைக்குக் கீழே சம்ப் இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும்.

நாலடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில், ஆயிரம் லிட்டர் கொள்ளும் சம்ப்பை, கழிவறைக் குழிக்கு எட்டத் தள்ளிக் கட்டினார்கள். மழைத்தண்ணீர் புகாதபடி அதன் வாய் தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கிறது. பூச்சு காய்ந்ததும் நிரப்பி, இரவில் நீர்மட்டத்தில் கோடு போட்டார்கள். காலையில் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மூலையில் கசிவு, மறுபடி பூசிய பிறகே மட்டம் நின்றது.

மேலே 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. நிரம்பினால் அரை டன் எடை என்பதால் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவர்கள் சேரும் மூலையில் சமமான மேடை கட்டி வைத்தார்கள். அடிப்பாகம் முழுவதும் மேடையில் படியாவிட்டால் பிளாஸ்டிக் விரிந்துவிடும். எவர்சில்வரை விட்டதற்கு விலை மட்டும் காரணமில்லை. கோடையில் கலக்கும் போர்த் தண்ணீர் உப்பு. அது வெல்டிங் ஓரங்களை அரித்துப் பொத்தலாக்கும்.

இப்போது அரை ஹெச்.பி. மோட்டார் ஏற்றிவைக்கும் தண்ணீர், கரண்ட் போனாலும் ஒருநாள் தாங்குகிறது. குடங்கள் திண்ணையில் கவிழ்ந்து கிடக்கின்றன.