பணம் வந்தாச்சான்னு யார் யாரைக் கேக்கணும்?

செமஸ்டர் ரிசல்ட் வர்ற அன்னைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ரிசல்ட் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிஃப்ரெஷ் அழுத்துவீங்க. அதுதான் போலிங். "ரிசல்ட் வந்துருச்சு"ன்னு காலேஜே உங்க போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினா, அது வெப்ஹூக். கிளாஸ்ல பெரும்பாலும் இதோட முடிச்சுடுவாங்க. போலிங் பழசு, வெப்ஹூக் புதுசு, அதனால வெப்ஹூக்தான் நல்லதுன்னு நாமளும் எழுதி வெச்சுக்குவோம். ஆனா நடுவுல பணம்னு ஒண்ணு வந்துட்டா விஷயம் அவ்வளவு சுலபமா முடியாது.

என் அத்தை வீட்டுலேயே கருப்பட்டி மிட்டாய் செஞ்சு ஆன்லைன்ல விக்கிறாங்க. அந்தக் கடையோட வெப்சைட்டுக்குப் பணம் வாங்குற பகுதியை நான்தான் எழுதிக் குடுத்தேன். பேமெண்ட் கேட்வே ரேஸர்பே. அந்தக் கடையை வெச்சே சொல்றேன்.

ஒருத்தர் 250 ரூபாய்க்கு ஆர்டர் போடுறார்னு வெச்சுக்குங்க. யுபிஐ-யைத் தேர்ந்தெடுத்ததும் அவர் போன்ல பிரவுசர் பின்னால போய் யுபிஐ ஆப் முன்னால வருது. பின் நம்பர் போடுறார், பணம் போயிடுது. பச்சை டிக் பார்த்ததும் போனைப் பாக்கெட்ல போட்டுட்டுக் கிளம்பிடுறார். பிரவுசருக்கு அவர் திரும்பி வரவே இல்லை. அப்போ அவர் பணம் கட்டினது கடை சர்வருக்கு எப்படித் தெரியும்? அவர் போன் வந்து சொல்லும்னு நம்ப முடியாது. கேட்வேகிட்ட நாம கேக்கணும், இல்லைன்னா கேட்வே நமக்குச் சொல்லணும்.

முதல்ல நாம கேக்குற வழியைப் பார்ப்போம். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை "இந்த ஆர்டருக்குப் பணம் வந்துச்சா?"ன்னு கேக்குறோம். 15 நிமிஷம் வரைக்கும் பதில் இல்லைன்னா விட்டுடுறோம். அப்படிப் பார்த்தா ஒரு ஆர்டருக்கு அதிகபட்சம் 180 கேள்வி. ஒரு நாளைக்கு 40 ஆர்டர்னு வெச்சுக்குவோம். அதுல 30 பேர் ஒரு நிமிஷத்துல பணம் கட்டிடுறாங்க. ஆளுக்கு 12 கேள்வி, மொத்தம் 360. மீதி 10 பேர் பாதியிலேயே போயிடுறாங்க. அவங்களுக்கு ஆளுக்கு 180, மொத்தம் 1800. கவனிச்சீங்களா? நம்ம கேள்வியில பெரும்பங்கு, பணம் கட்டவே போறதில்லாத ஆளுங்களுக்காகப் போகுது. இதைக் குறைக்க நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டா, பணம் கட்டினவர் ஒரு நிமிஷம் வரைக்கும் காத்திருக்கணும். போலிங்ல இந்த இழுபறி எப்பவும் இருக்கும்: சீக்கிரம் தெரியணும்னா நிறைய கேக்கணும், கேள்வியைக் குறைச்சா தாமதமாத்தான் தெரியும்.

வெப்ஹூக்ல இந்தத் தொல்லை இல்லை. நம்ம சர்வர்ல ஒரு முகவரியை முன்கூட்டியே கேட்வேகிட்ட பதிஞ்சு வெச்சுடுறோம். பணம் வந்ததும் கேட்வே அந்த முகவரிக்கு `payment.captured`னு ஒரு POST அனுப்புது. ஒரு பேமெண்டுக்கு ஒரு தகவல். பாதியில போனவங்களுக்காக வீண் வேலை எதுவும் கிடையாது.

ஆனா அந்த முகவரி இன்டர்நெட்ல திறந்து கிடக்குது. யார் வேணும்னாலும் அதுக்கு "250 ரூபாய் வந்தாச்சு"ன்னு ஒரு பொய்த் தகவலை அனுப்பி, ஓசியில மிட்டாய் வாங்கிடலாம். அதனாலதான் கேட்வே ஒவ்வொரு தகவலோடயும் `X-Razorpay-Signature`னு ஒரு கையொப்பத்தைச் சேர்த்து அனுப்புது. நமக்கும் கேட்வேக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியச் சொல்லை வெச்சு, வந்த தகவலுக்கு நாமளும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

```python
mine = hmac.new(secret, raw_body, hashlib.sha256).hexdigest()
if not hmac.compare_digest(mine, signature):
    return "", 400
```

இதுல `raw_body`ங்கிறது வந்த பைட்டுகள், வந்தது வந்தபடியே. JSON-ஐப் பிரிச்சு மறுபடி எழுத்தாக்கினா நடுவுல ஒரு இடைவெளி மாறினாக்கூடப் போதும், கையொப்பம் பொருந்தாது. ரகசியச் சொல் சரியா இருந்தும் எல்லாத் தகவலும் 400 வாங்குதுன்னா முதல்ல இதைத்தான் பாருங்க.

அடுத்தது, ஒரே தகவல் ரெண்டு தடவை வர்றது. தகவல் கிடைச்சுதுன்னு நம்ம சர்வர் 5 செகண்டுக்குள்ள `200` மாதிரி ஒரு பதில் சொல்லணும்னு ரேஸர்பே எதிர்பார்க்குது. நம்ம கோடு ஆர்டரைப் 'பணம் வந்தது'ன்னு மாத்துது, அப்புறம் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்ப 4 செகண்ட், கூரியர் பதிய 3 செகண்ட், எல்லாம் முடிச்சுட்டு `200` சொல்லுதுன்னு வெச்சுக்குங்க. மொத்தம் 7 செகண்ட். நம்ம பக்கம் எல்லா வேலையும் முடிஞ்சாச்சு. ஆனா கேட்வே கணக்குல அது தோல்வி, அதனால மறுபடி அனுப்பும். கோடு மறுபடி ஓடும். ஒரு ஆர்டருக்கு ரெண்டு பார்சல் கிளம்பும், ஒண்ணுக்குத்தான் காசு.

இதுக்கு ரெண்டு காரியம் பண்ணணும். ஒண்ணு, கையொப்பம் பார்த்து, டேட்டாபேஸ்ல எழுதி, உடனே `200` சொல்லிடணும். மெயிலும் கூரியரும் அப்புறம் தனியா ஓடட்டும். ரெண்டு, ஒவ்வொரு தகவலுக்கும் கேட்வே குடுக்குற எண்ணை, அதாவது `x-razorpay-event-id`யை, ஒரு தனி டேபிள்ல பிரைமரி கீயா வைக்கணும்.

```sql
INSERT INTO seen_events (event_id) VALUES ($1)
ON CONFLICT DO NOTHING;
```

ஒரு வரிசையும் சேரலைன்னா அது ஏற்கெனவே பார்த்த தகவல். `200` சொல்லிட்டு விட்டுடலாம். இந்த வரியும் ஆர்டரை மாத்துற வரியும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல இருக்கணும், அது ரொம்ப முக்கியம். தனித்தனியா இருந்து, நடுவுல சர்வர் விழுந்துட்டா, தகவலைப் பார்த்ததா பதிவாகியிருக்கும், ஆர்டர் மட்டும் மாறாமலே கிடக்கும். மறுபடி தகவல் வந்தாலும் "பார்த்தாச்சு"ன்னு தள்ளிடும்.

ரெண்டு தடவை வர்றதைவிட மோசம், வராமலே போறது. சர்வர் படுத்துருக்கலாம், சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கலாம், யாரோ முகவரியை மாத்தியிருக்கலாம். ரேஸர்பே 24 மணி நேரம் வரைக்கும் இடைவெளியைக் கூட்டிக் கூட்டி மறுபடி முயற்சி பண்ணும். அப்பவும் முடியலைன்னா அந்த வெப்ஹூக்கையே நிறுத்திடும். இதுல ஆபத்து என்னன்னா, வராத தகவல் எந்த லாக்லயும் இருக்காது. எரர் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. வாடிக்கையாளர் பணம் போயிடுச்சுன்னு போன் பண்ணும்போதுதான் தெரியும்.

இங்கதான் நாம பழசுன்னு ஒதுக்கின போலிங் திரும்ப வருது, ஆனா நிதானமா. 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன வேலை ஓடுது. ஆர்டர் போட்டு 15 நிமிஷம் தாண்டியும் முடிவு தெரியாம நிக்கிறதை மட்டும் எடுத்து, `GET /v1/orders/:id/payments` வழியா கேட்வேகிட்டக் கேக்குது. நம்ம கணக்குல நாளைக்கு அந்த 10 பேர்தான் இதுல வருவாங்க. ஆளுக்கு ஒண்ணு ரெண்டு தடவை கேட்டா போதும். முன்னாடி 2160 கேள்வி, இப்ப ஒரு இருபது.

இந்த வேலை எத்தனை ஆர்டரைக் காப்பாத்துச்சுன்னு தினமும் எண்ணி வெச்சுக்குங்க. வெப்ஹூக் நல்லா ஓடினா அந்த எண் பூஜ்யம், எப்பவாவது ஒண்ணு. திடீர்னு ஒருநாள் அது 30 ஆச்சுன்னா, பணம் எல்லாம் போலிங் வழியா மட்டும்தான் தெரிய வருது, வெப்ஹூக் செத்துப்போச்சுன்னு அர்த்தம். அத்தை கடையில அந்த எண் 2-ஐத் தாண்டினா என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். வாடிக்கையாளர் கூப்பிடுறதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சுடும்.