வராத பணத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது

உங்கள் வங்கியும் வேறொன்றோடு இணைந்திருந்தால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் வங்கி இணைந்தபோது கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., ஏ.டி.எம். கார்டு மூன்றுமே மாறின. நான் கருவூலத்தில் மட்டும் புது எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஓய்வூதியம் தவறாமல் வந்ததால் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அக்டோபரில் பாஸ்புக் பதியும்போதுதான் கவனித்தேன். ஆகஸ்டில் வரவேண்டிய காப்பீட்டு ஆண்டுத்தொகை 18,400 ரூபாயைக் காணோம். விசாரித்தால், பழைய எண்ணுக்கு அனுப்பி, அது திரும்பிப் போயிருக்கிறது. இணைப்புக்குப் பின் சில காலம் பழைய எண்ணுக்கு வருவதை வங்கியே புது எண்ணில் சேர்த்துவிடும். அந்தக் கெடு ஜூனிலேயே முடிந்திருந்தது. நம் கணக்கிலிருந்து பணம் போனால் எஸ்.எம்.எஸ். வரும். வராமல் திரும்பிய பணத்தை யார் நமக்குச் சொல்வார்கள்? விண்ணப்பமும் ரத்து செய்த காசோலை ஒன்றும் கொடுத்த பிறகே தொகை வந்து சேர்ந்தது.

அன்றிரவு பாஸ்புக்கில் பதின்மூன்று மாதம் பின்னோக்கிப் போய், வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கமாக நோட்டில் எழுதினேன். ஒரு மாதத்தைப் பார்த்தால் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை வருபவைதான் நழுவும்.

வரவில் இரண்டு கம்பெனிகளின் டிவிடெண்ட் இருந்தது. தொகை சில நூறுதான். ஆனால் டிவிடெண்டைத் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பெறாமல் விட்டால், அதோடு அந்தப் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்பதற்கு அலைய வேண்டும். டீமேட் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் புது எண்ணை மாற்றினேன்.

பற்றில், கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் சீட்டுத்தவணையை வங்கியே புது எண்ணுக்கு மாற்றியிருந்தது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியமோ பழைய கார்டு எண்ணில் பதிவானது. கார்டு செத்ததும் அந்த அனுமதியும் செத்துவிட்டது. டிசம்பரில் கட்டாமல் போயிருந்தால், மூட்டு வலிக்கு மருத்துவமனை போகும் நேரத்தில் பாலிசி இருந்திருக்காது. புது கார்டைப் பதிந்தேன்.

கடைசியாக, மகனை ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னேன். புது ஐ.எஃப்.எஸ்.சி.யில் பதினோரு எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அவன் அதை ஆங்கில 'ஓ' என்று அடித்து, போகவில்லை என்றான். திருத்தியதும் வந்தது.

நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, பணம் வந்த தேதியைப் பார்த்த பிறகுதான் டிக் போடுகிறேன். இன்னும் ஒரு டிவிடெண்ட் பாக்கி.