மாற்றிப் பொருத்திய விசைப்பலகை

மடிக்கணினிக்குப் புது விசைப்பலகை பொருத்தித் தந்த சர்வீஸ் சென்டருக்கு நான் எழுதிய புகார்க் கடிதத்தில், ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்ற வாக்கியத்தை வேண்டுமென்றே தவிர்த்தேன். அதைப் படிக்கிறவர் ஒவ்வொரு விசையையும் தட்டிப் பார்த்து, எல்லாம் எழுதுகின்றன என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டால், அவரைக் குறை சொல்ல நியாயம் இராது.

நம் நாட்டில் விற்கும் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது அமெரிக்க அமைப்பு. பலவற்றில் 4-ஆம் விசையின் மேல் ரூபாய்க் குறியும் அச்சிட்டிருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. இப்போது வந்திருப்பதோ பிரிட்டிஷ் அமைப்பு. மின்னஞ்சல் முகவரிக்காக @ என்று அச்சிட்ட விசையை ஷிப்டுடன் அழுத்தினால் திரையில் " விழுகிறது, @ வேண்டுமானால், " அச்சிட்ட 2-ஆம் விசைக்குப் போகவேண்டும். விசை கணினிக்கு அனுப்புவது தன் ஸ்தானத்தின் எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது கணினியிலுள்ள அமைப்பு.

‘செட்டிங்கில் பிரிட்டிஷ் என்று மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னார்கள். மாற்றிப் பார்த்தேன், அச்சும் திரையும் ஒத்துப்போயின. ஆனால் வீட்டுக் கணக்கு எழுதுகையில் ரூபாய்க்காக வழக்கமாக அழுத்தும் Ctrl+Alt+4 இப்போது € என்று போடுகிறது. அதைவிடப் பெரிய சிரமம் எந்த செட்டிங்காலும் தீராதது: பிரிட்டிஷ் பலகையில் இடது ஷிப்ட் பாதியாகக் குறுகி, அதற்கும் Z-க்கும் நடுவே உபரியாக ஒரு விசை உட்கார்ந்திருப்பதால், பல வருஷ அப்பியாசத்தில் சுண்டுவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் ஷிப்ட் இல்லை, A என்று எழுத நினைத்தால் \a என்று வருகிறது. இரண்டு வரிசை உயரமுள்ள என்டர் விசையும், விரல் பழகிய இடத்தைவிட வலப்புறம் ஒதுங்கி நிற்கிறது.

விசைகளின் கோணல் வேறு விஷயம். வரிசையின் குறுக்கே ஓர் அடிக்கோலை வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சியபோது, வலக்கோடியில் கோல் மேலெழும்பி, இடப்புறம் கீற்றாக ஒளி தெரிந்தது. பலகையின் விளிம்பிலுள்ள நாக்குகள் சட்டத்தினடியில் முழுதும் நுழையாமலோ, கீழிருந்து பிடிக்கும் திருகாணி ஒன்று விடுபட்டோ இருந்தால் இப்படி எழும்பும். ஒரே விசை மட்டும் சாய்ந்திருந்தால், அதன் மூடி கத்தரிக்கோல் போன்ற தாங்கியில் ஒரு பக்கம் கவ்வவில்லை என்று கொள்ளலாம். இங்கே வலப்புற வரிசைகள் மொத்தமாகவே எழும்பியுள்ளன. என்டர் சட்டத்தில் உரசி அழுந்தியே நிற்பதும், மூடித் திறந்தால் திரையில் விசைகளின் தடம் படிவதும் இதனால்தான்.

இவற்றையெல்லாம், எந்த விசையை அழுத்தினால் எது வருகிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, கோல் வைத்து எடுத்த புகைப்படத்தையும் ரசீதின் நகலையும் இணைத்தேன். நான் கேட்டிருப்பது இரண்டு: பழைய பலகையின் பின்புறச் சீட்டிலுள்ள பாக எண்ணைப் பார்த்து அதே அமைப்பில் ஒன்றைப் பொருத்துவது, ஒப்படைக்கும் முன் என் எதிரில் கோல் வைத்துக் காட்டுவது. தவறினால், 2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று முறையிட நேரும் என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்.