எண் ஒன்று, எழுத்து ஒன்று

தாராவியின் தோல் பட்டறைகளில் புழங்கும் காகிதங்களே என் ஆய்வுப் பொருள்: சிட்டை, ரசீது, காசோலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் நடத்தும் பட்டறைகள் இன்றும் அங்கே உண்டு. செம்பூரிலிருந்து போய்வரும் எனக்கு, ஆய்வோடு காகிதம் வாசித்துச் சொல்லும் வேலையும் சேர்ந்துகொண்டது.

சென்ற ஆண்டு ஒரு பட்டறை உரிமையாளர் ஒரு காசோலையை நீட்டி, “தம்பி, தொகை சரிதானா பாருங்க” என்றார். மாட்டுங்காவில் பை வியாபாரம் செய்யும் ஒருவர் கொடுத்தது. எண் கட்டத்தில் 61,500. ரசீதிலும் அதே தொகை. எழுத்து வரி மட்டும் மராத்தியில் இருந்தது: ‘ஏகோணசாட் ஹஜார் பாச்ஷே’. அதன் பொருள் ஐம்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

“அண்ணாச்சி, இதில் இரண்டாயிரம் குறைகிறது” என்றேன். அவர் எண்ணைத் தொட்டுக் காட்டி, “இங்க சரியாத்தானே இருக்கு” என்றார்.

இந்தக் குழப்பம் நேர்வதற்கு மராத்தி எண்ணுப்பெயர்களின் அமைப்பே இடம் தருகிறது. ‘ஏகோண’ என்றால் ‘ஒன்று குறைந்த’. ‘சாட்’ என்றால் அறுபது. ஆக, ஏகோணசாட் 59. அறுபத்தொன்றோ ‘ஏகசஷ்ட்’. இரண்டும் ‘ஏக’ என்றே தொடங்கி அறுபதைச் சுட்டுகின்றன. 69க்கும் 71க்கும் இதே நிலை: ஏகோணசத்தர், ஏகாஹத்தர். 19 முதல் 89 வரை ஒன்பதில் முடியும் எண்கள் இப்படி அடுத்த பத்திலிருந்து ஒன்றைக் கழித்தே பெயர் பெறுகின்றன. 99 மட்டும் விலக்கு. நமக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. தொண்ணூறு நூற்றையும், தொள்ளாயிரம் ஆயிரத்தையும் நோக்கியே பெயர் பெற்றவை. மும்பையில் காசோலையை ஆங்கிலம், இந்தி, மராத்தி ஆகிய எம்மொழியிலும் நிரப்பலாம் என்பதால், இத்தகைய சொற்கள் தமிழர் கைக்கு வருவது இயல்பே.

சட்டம் எதை ஏற்கும்? 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18, ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை. வங்கித் தொழிலில் எண்ணில் உள்ளதை ‘கர்ட்டஸி அமவுண்ட்’ என்றும், எழுத்தில் உள்ளதை ‘லீகல் அமவுண்ட்’ என்றும் அழைப்பதன் காரணமும் இதுவே. இங்கிலாந்தில் 1839இல் தீர்ப்பான சாண்டர்சன் எதிர் பைப்பர் வழக்கில், உண்டியலின் ஓரத்தில் 245 பவுன், உடலில் இருநூறு பவுன். முத்திரைத்தாளின் மதிப்பு பெரிய தொகைக்கு ஏற்றதாகவே இருந்தது. ஆயினும் இருநூறே செல்லும் என்றது நீதிமன்றம். ஓர் இலக்கத்தைத் திருத்த ஒரு கோடு போதும். ஒரு சொல்லைத் திருத்துவது கடினம் என்பதே இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணம்.

அப்படியானால் வங்கி 59,500 ரூபாயைக் கொடுத்துவிடுமா? நடைமுறையில் கொடுக்காது. காசோலையின் படிமம் மட்டுமே இன்று தீர்வகத்தின் வழியே பணம் தரவேண்டிய வங்கிக்குப் போகிறது. அங்கே முரண் கண்ணில் பட்டால், ‘எண்ணிலும் எழுத்திலும் தொகை வேறுபடுகிறது’ என்ற குறிப்போடு திருப்பிவிடுவார்கள், கட்டணமும் பிடிப்பார்கள். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்திடும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. படிமமுறைத் தீர்வுக்குப் போகும் காசோலையில், காலத்தைப் புதுப்பிக்கும் தேதித் திருத்தம் தவிர வேறு திருத்தம் செல்லாது. புதிய காசோலை வாங்குவதே வழி. அண்ணாச்சியும் அதைத்தான் செய்தார். சனிக்கிழமைக் கூலிக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தவர், அந்த வாரம் கைமாற்று வாங்கிச் சமாளித்தார்.

சரிபார்க்கும்போது பெரும்பாலோர் முதலில் எண்ணைப் பார்க்கிறார்கள். பார்த்த கணமே மனம் அந்த எண்ணை எழுத்து வரியின்மீது ஏற்றி வாசித்துவிடுகிறது. ஆகவே எண் கட்டத்தை விரலால் மறைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தை மட்டும் வாசித்து, அதிலிருந்து ஓர் எண்ணைத் தனித்தாளில் எழுதி, பிறகே விரலை எடுக்க வேண்டும். மராத்தியானால் ‘ஏகோண’ வருகிறதா என்று முதலில் தேட வேண்டும். மொழி தெரியாதபோது, கொடுத்தவரையே எழுத்து வரியை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் களத்தில் எனக்குத் துலங்கியது இதுதான். பிரிவு 18, எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரையே பணம் பெறுபவராக எண்ணிப் பார்க்கிறது. தாராவியில் காசோலையைப் பெறுபவர் பலமொழிகளுக்கிடையே எண்ணை நம்பி வாழ்கிறார். அவரால் வாசிக்க முடிந்த இடத்துக்குச் சட்ட வலு குறைவு. சட்ட வலு உள்ள இடத்தை அவரால் வாசிக்க முடிவதில்லை.