25 ஹெர்ட்ஸ் பத்தி ஒரு பத்தி

ஃபைனல் இயர் வந்தா எல்.ஓ.ஆர். சீசனும் கூடவே வந்துடும். வெளிநாட்டுல எம்.எஸ். அப்ளை பண்றவங்க ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் பெரும்பாலும் மூணு பரிந்துரைக் கடிதம் தரணும். எங்க டிபார்ட்மென்ட்ல அதுக்குன்னு ஒரு லெட்டர் பல வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு. இங்கிலீஷ்ல இருக்கிற அதைத் தமிழ்ல சொன்னா ஏறக்குறைய இப்படி வரும்: "இம்மாணவரை மூன்று ஆண்டுகளாக அறிவேன். சின்சியர், ஹார்ட்வொர்க்கிங், பங்க்சுவல். குழுவோடு இணைந்து செயல்படுவார். கற்கும் ஆர்வம் மிக்கவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்."

போன வருஷம் ஒரு சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு எனக்கும் இதே லெட்டர்தான் கிடைச்சது. என் ப்ராஜெக்ட் டீம்ல இருக்கிற நண்பனுக்கும் இதேதான். பேரை மட்டும் மாத்திக்கிட்டா போதும். அந்த லெட்டர்ல பொய் எதுவும் இல்ல. ஆனா அறுபது பேர் கிளாஸ்ல அம்பது பேருக்காவது அது பொருந்தும். அப்ப அதை வாசிக்கிறவர் அந்த அம்பது பேர்ல யாரை எடுப்பார்?

இந்த வருஷம் எம்.எஸ். அப்ளிகேஷனுக்கு எங்க ப்ராஜெக்ட் கைடு மேடம்கிட்ட போனேன். வழக்கமா "நீயே ட்ராஃப்ட் எழுதிட்டு வா, பாத்து சைன் பண்றேன்"னு சொல்லுவாங்க. மேடம் அப்படிச் சொல்லல. பழைய லெட்டரைத் திறந்து ஒரு தடவை படிச்சாங்க.

"இதுல நீ எங்க இருக்க?"

நான் சும்மா நின்னேன்.

"லெட்டரை நான்தான் எழுதணும். ஆனா எனக்கு முப்பது ப்ராஜெக்ட், எல்லாம் ஞாபகம் இருக்காது. அந்த 25 ஹெர்ட்ஸ் விஷயம் இருக்குல்ல, அதை ஒரு பக்கத்துல எழுதிக் குடு. முன்னாடி என்ன இருந்தது, நீ எதைப் பாத்த, என்ன செஞ்ச, அப்புறம் என்ன ஆச்சு. 'நாங்க'ன்னு எழுதாத. நீ செஞ்சது எது, மத்த மூணு பேர் செஞ்சது எதுன்னு பிரிச்சு எழுது."

அந்த விஷயம் இதுதான். எங்க ப்ராஜெக்ட், இண்டக்ஷன் மோட்டாரோட அதிர்வை அளந்து கோளாறு கண்டுபிடிக்கிறது. லேப்ல இருந்தது நாலு போல் மோட்டார். லோடு இல்லாம நிமிஷத்துக்கு 1490 சுற்று, அதாவது நொடிக்கு 24.8. ரோட்டர் சமநிலை இல்லாம இருந்தா, அதே 24.8 ஹெர்ட்ஸ்ல அதிர்வு வரும். முந்தைய பேட்ச் எம்.பி.யு.-6050 சென்சாருக்கு எழுதின கோடு எங்க கைக்கு வந்தது. அதை ஓட்டினா 25 ஹெர்ட்ஸ்ல ஒரு பெரிய பீக். அவங்க ரிப்போர்ட்ல "ரோட்டர் அன்பேலன்ஸ்"னு எழுதி முடிச்சிருந்தாங்க.

எனக்கு இடிச்சது ஒரே ஒரு விஷயம். லோடு போட்டதும் டாக்கோமீட்டர்ல வேகம் 1450க்கு இறங்குச்சு. அப்ப பீக் 24.2க்கு நகரணும், ஆனா 25லயே உக்காந்திருந்தது. அடுத்து சப்ளையை ஆஃப் பண்ணிப் பாத்தேன். ரோட்டர் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, பீக் மட்டும் அந்த நொடியே காணாம போச்சு. அன்பேலன்ஸா இருந்தா ரோட்டர் நிக்கிற வரைக்கும் அது இருக்கணும். அப்ப இது சுத்துறதால வர்ற அதிர்வு இல்ல, கரண்ட்டால வர்றது. 50 ஹெர்ட்ஸ் சப்ளையில காந்த விசை ஒரு சைக்கிளுக்கு ரெண்டு தடவை இழுக்கும், அதனால அந்த அதிர்வு 100 ஹெர்ட்ஸ்ல வரணும். அது ஏன் 25ல தெரியுதுன்னு தேடிப் போனப்போ கோடுல இந்த வரி:

```
SMPLRT_DIV = 7   // 1000 / (1 + 7) = 125 Hz
```

நொடிக்கு 125 தடவை மட்டும் அளந்தா 62.5 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிறது எதுவும் சரியான இடத்துல தெரியாது. 125ல இருந்து 100 போனா 25. சென்சாருக்குள்ள இருக்கிற ஃபில்டரை 184 ஹெர்ட்ஸ்ல வச்சிருந்ததால அது 100 ஹெர்ட்ஸைத் தடுக்கவும் இல்ல. அந்த 7ஐ 1 ஆக்கினேன், அளவு நொடிக்கு 500 ஆச்சு, பீக் 100க்குப் போய் உக்காந்துச்சு. பழைய இடத்துல 24.8ல சின்னதா ஒரு மேடு மட்டும் மிஞ்சினது. அதுதான் உண்மையான அன்பேலன்ஸ், பயப்படுற அளவுக்கு இல்ல.

இதைத்தான் ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தேன். கீழே இன்னும் ரெண்டு விஷயம் சேர்த்திருந்தேன்: வேற காலேஜ்ல கலந்துக்கிட்ட ஒரு ஹேக்கத்தான், ஒரு ஆன்லைன் கோர்ஸ். மேடம் ரெண்டையும் பேனாவால அடிச்சாங்க. "இது நான் பாக்கலையே. உன் ரெஸ்யூமேல போட்டுக்கோ. நான் பாத்ததை மட்டும்தான் நான் எழுத முடியும்." கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்தது, அந்த ஹேக்கத்தான்ல பிரைஸ் வாங்கியிருந்தோம். ஆனா யோசிச்சா நியாயம்தான். பரிந்துரைக் கடிதம்ங்கிறது கிட்டத்தட்ட சாட்சி சொல்றது மாதிரி. சம்பவ இடத்துல இல்லாதவங்க சொல்ற சாட்சியை யார் எடுத்துக்குவாங்க?

நாலு நாள் கழிச்சு கூப்பிட்டு, நம்பர் எல்லாம் சரியான்னு பாக்க ஒரே ஒரு பத்தியை மட்டும் வாசிச்சுக் காட்டினாங்க. "நால்வர் கொண்ட குழுவில் அளவீடும் பகுப்பாய்வும் இவருடைய பொறுப்பு. இரண்டாவது ரிவ்யூவில், முந்தைய குழுவின் முடிவு தவறு என்று இவர் சொன்னபோது நான் நம்பவில்லை. சப்ளையை நிறுத்திக் காட்டச் சொன்னேன். என் முன்னாலேயே செய்து காட்டினார்." அப்புறம் அந்த 125, 100, 25 கணக்கு ரெண்டு வரியில. "ஹார்ட்வொர்க்கிங்" அந்தப் பத்தியில எங்கேயும் இல்ல.

முழு லெட்டரை நான் பாக்கல. அமெரிக்க யுனிவர்சிட்டி அப்ளிகேஷன்ல, லெட்டரைப் பாக்கிற உரிமையை விட்டுக் குடுக்கிறியான்னு ஒரு கேள்வி வரும். அங்க 1974ல வந்த ஒரு சட்டப்படி, சேர்ந்த மாணவருக்குத் தன் ஃபைலைப் பாக்கிற உரிமை உண்டு, அதனால இந்தக் கேள்வி. நான் விட்டுக் குடுக்கிறேன்னு டிக் பண்ணினேன். மாணவர் பாக்க மாட்டார்னு தெரிஞ்சாத்தான் ஆசிரியர் மனசுல இருக்கிறதை எழுதுவாங்க, வாசிக்கிறவரும் நம்புவார். ட்ராஃப்டை நாமே எழுதிக் குடுக்கிற பழக்கம் அடிபடுறதும் இங்கதான். மூணு பேர் எழுதின மூணு லெட்டரும் ஒரே ஆள் எழுதின மாதிரி இருந்தா யாருக்கும் சந்தேகம் வரும்.

லெட்டரோட கூட ஒரு கட்டம் போட்ட ஃபார்மும் ஆசிரியருக்கு வரும்: ஒவ்வொரு திறமையிலயும் இவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமான்னு. அதுல என்ன போட்டாங்கன்னு மேடமே சொன்னாங்க. அனலிட்டிகல் எபிலிட்டிக்கு முதல் 5. பேச்சுத் திறமைக்கு முதல் 25. "ரிவ்யூல உன் குரல் முன் பெஞ்சுக்கே கேக்கல. எல்லாத்துலயும் 5 போட்டா அந்த முதல் 5ஐயும் நம்ப மாட்டாங்க."

என் நண்பனும் அதே வாரம் மேடம்கிட்ட லெட்டர் கேட்டிருந்தான். ஒரே ப்ராஜெக்ட், ஒரே கைடு. சென்சாரை ஃபோம் டேப்ல ஒட்டியிருந்ததை எடுத்துட்டு, அலுமினியம் பிராக்கெட் செஞ்சு மோட்டார் பாடியில ஸ்க்ரூ போட்டவன் அவன்தான். டேப் அதிர்வை உறிஞ்சிடும்னு அவன்தான் முதல்ல சொன்னான். அவன் பத்தியில பிராக்கெட்டும், மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த ரெண்டு கிராஃபும் இருக்காம். 25 ஹெர்ட்ஸ் பத்தி ஒரு வார்த்தை இல்லையாம்.