நாலு விரற்கடை தூரம்

சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய இரவு. மதுரை தல்லாகுளத்தில் கள்ளழகருக்கு எதிர்சேவை. அழகர்கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தை மண்டகப்படி மண்டகப்படியாக நின்று கடந்து வரும் சாமியை எதிர்கொண்டு அழைக்க, பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களெல்லாம் ஆட்களால் நிரம்பியிருக்கின்றன. தலையில் உருமால், இடுப்பில் சல்லடம், தோளில் தண்ணீர் நிறைந்த தோல்பை என்று வேண்டுதல்காரர்கள் ஆடி வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மேளம். தப்பு, உறுமி, தவில், நடுவே கொம்பு. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது நெருங்கிவிடுகிறது.

இந்த இரைச்சலுக்குள் ஒரு பெரியவரின் குரலைப் பிடிக்க வேண்டும். அவர் வர்ணிப்புப் பாடுகிறவர். அழகர் மலையை விட்டு இறங்கி வைகைக்கு வரும் கதையைப் புத்தகம் இல்லாமல் மணிக்கணக்கில் பாடக்கூடியவர். வர்ணிப்பையும் அதைப் பாடுகிறவர்களையும் தொ. பரமசிவன் தம் அழகர்கோயில் ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். எழுத்தில் சொற்கள் கிடைத்துவிடும். மூச்சை எங்கே விடுகிறார், எந்த இடத்தில் கூட்டம் 'கோவிந்தா' என்று சேர்ந்துகொள்கிறது என்பதெல்லாம் ஒலிப்பதிவில்தான் நிற்கும். ஓர் ஆவணப்படத்துக்காக அதைப் பதிய வந்திருந்த ஒலிப்பதிவாளரோடும் அவருடைய உதவியாளரோடும் அன்று இரவு முழுக்க நடந்தேன்.

"ஐயாவ வீட்ல உக்கார வச்சுப் பதிஞ்சா சுத்தமா வருமே?" என்று கேட்டேன்.

"வரும். ஆனா அது வேற பாட்டுண்ணே" என்றார் ஒலிப்பதிவாளர். தெருவில் பாடும்போது பெரியவர் சுருதியை ஏற்றிக்கொள்கிறார், வரிகளை மேளத்தின் இடைவெளி பார்த்து இறக்குகிறார். சுற்றிலும் சத்தம் கூடக்கூட மனிதக் குரல் தானாகவே எழும்பும். அந்த எழும்பிய குரல் வீட்டுத் திண்ணையில் கிடைக்காது.

அவர்கள் கொண்டுவந்த கருவிகள் குறைவு. கையில் பிடிக்கும் டைனமிக் மைக் ஒன்று. பெரியவரின் உருமால் விளிம்பில் செருகிய கடுகு போன்ற சிறு மைக் ஒன்று. தெரு முனையில் ஒரு மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவரில் கட்டிய இரட்டை மைக்கும் அதற்கென்று ஒரு பதிவுக் கருவியும். படப்பிடிப்புகளில் பார்க்கும் நீளக் குழாய் மைக்கைக் காணோம். அது மேல்சுருதி ஒலிகளைத்தான் பக்கவாட்டில் தடுக்கும். உறுமியின் அடித்தொண்டை முழக்கத்துக்கு எந்தப் பக்கமும் கதவு திறந்தே இருக்கும். இரண்டு பக்கமும் சுவர் உள்ள தெருவில், சுவரில் பட்டுத் திரும்பும் தப்போசையையும் அது நேரே வருவதுபோல வாங்கிக்கொள்ளும். இந்தத் தெருவில் அதனால் பயனில்லை என்பது ஒலிப்பதிவாளரின் கணக்கு.

உண்மையான கணக்கு தூரத்தில் இருக்கிறது. திறந்த வெளியில் ஒலி மூலத்திலிருந்து தூரம் இரட்டித்தால் அளவு 6 டெசிபெல் இறங்கும், பாதியானால் 6 ஏறும். உரத்துப் பாடுகிறவரின் குரல் ஒரு மீட்டரில் 80 டெசிபெல் என்று வையுங்கள். ஒரு தப்பு ஒரு மீட்டரில் 105. மேளம் எட்டு மீட்டர் தள்ளிப் போகிறது என்றால் அது 87க்கு இறங்க வேண்டும். ஆனால் தெருச் சுவர்கள் திருப்பித் தருவதால் 92 என்றே கொள்ளலாம். மைக்கை வாயிலிருந்து இரண்டடி தள்ளிப் பிடித்தால் குரல் 84தான். பாட்டு அங்கேயே தோற்றுவிட்டது. அதே மைக்கை ஆறு சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 104 ஆகிறது, மேளத்தை விட 12 டெசிபெல் முன்னால். மேளக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு குமிழைத் திருகவில்லை. கை மட்டும் நகர்ந்திருக்கிறது.

உதவியாளர் அந்த ஆறு சென்டிமீட்டரை நாலு விரற்கடை என்று வைத்திருக்கிறார். மைக்கின் தலைக்கும் பெரியவரின் உதட்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும், ஐந்தாவது நுழையக் கூடாது. மைக் வாய்க்கு நேராக இராமல் மோவாய்ப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். நேராக நின்றால் 'ப'கரம் வெடிக்கும். இவ்வளவு நெருங்கிய தூரத்தில் குரலின் அடிச்சுருதி வீங்கிக் கேட்கும். அதற்காகப் பதிவுக் கருவியில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி வைத்திருந்தார்கள். அந்த வெட்டில் உறுமியின் அடிமுழக்கமும் தவிலின் தொப்பிப் பக்கமும் ஓரளவு போய்விடும்.

தப்பு போகாது. இதை ஒலிப்பதிவாளர் அழுத்திச் சொன்னார். வைக்கோல் தீயில் காய்ச்சிய தோலில் மெல்லிய சிம்புக்குச்சி பட்டுத் தெறிக்கும் ஓசை, நம் மெய்யெழுத்துகள் இருக்கும் அதே உயரத்தில் இருக்கிறது. 'க', 'ச', 'ட' எல்லாம் தெளிவாகக் கேட்பதற்கு எந்த ஒலிப்பட்டை வேண்டுமோ அந்தப் பட்டையிலேயே தப்பும் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டினால் பாட்டின் சொல்லையும் வெட்டுகிறோம். அதனால் தப்பு காய்ச்சும் இடத்தை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். புதிதாகக் காய்ச்சி எழும் கூட்டம் கூர்மையாக அடிக்கும். தோல் தளர்ந்து மீண்டும் தீக்குப் போகும் நேரமே வர்ணிப்புக்கு நல்ல நேரம். இதைத் தப்புக்காரர்களிடம் பேசியே தெரிந்துகொண்டார். எந்தக் கூட்டம் எப்போது நிறுத்தும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்குப் புதிதாக இருந்த ஒன்று, பெரியவரை எந்தப் பக்கம் பார்க்க நிறுத்துவது என்பது. மேளம் நெருங்கியதும் கூட வந்த உறவுக்காரப் பையன் ஒருவர் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகு மேளத்துக்கு வரும்படி நிறுத்தினார். உடம்பு மறைக்கும் என்ற நினைப்பு. எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். ஒலிப்பதிவாளர் ஓடிவந்தார்.

"தம்பி, தாத்தா மேளத்தப் பாத்து நிக்கட்டும்."

இந்த மைக்குக்கு முன்பக்கம் காது உண்டு, பின்பக்கம் கிடையாது. முன்பக்கம் பாடுகிறவரைப் பார்க்கிறது. அப்படியானால் அவருடைய தோளுக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கிறது. முதுகுப் பக்கம் மேளம் நின்றால் மைக் அதை நேருக்கு நேர் கேட்கும். தலை மறைப்பது கொஞ்சம்தான். அவர் மேளத்தைப் பார்த்துப் பாடினால் மைக்கின் கேளாத முதுகு மேளத்துக்குத் திரும்புகிறது. அங்கே நின்றே இரண்டு விதமாகவும் பத்துப் பத்து நொடி பதிந்து காட்டினார்கள். முதல் பதிவில் சொற்கள் தப்புக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தன. இரண்டாவதில் தப்பு பின்னால் போய் நின்றது. பெரியவரின் முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இந்த ஆதாயம் பாதி கரைந்துவிடும், ஓசை திரும்பி வந்து முன்பக்கம் நுழையும். ஆகையால் தெருவின் குறுக்கே பாராமல் நீளவாக்கில், அல்லது சந்து வாய் முதுகுக்குப் பின்னால் வரும்படி நிற்கச் சொன்னார்.

கேட்டுப் பார்ப்பது இந்த வேலையில் நினைப்பதுபோல எளிதல்ல. காதை இறுக மூடும் ஹெட்போன் போட்டிருந்தாலும் தப்பு மூன்று மீட்டரில் அடிக்கும்போது அது நெஞ்சுக்கூடு வழியாகவும் மண்டை வழியாகவும் வந்துவிடும். ஹெட்போனில் கேட்பது பதிவா, தெருவா என்று பிரிக்க முடியாது. இளையவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்றார் ஒலிப்பதிவாளர். குரல் கேட்கவில்லை என்று நினைத்து அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள், பதிவு வெடித்துவிடும். இவர் கண்ணால் மீட்டரைப் பார்த்தார். குரலின் உச்சங்கள் பூஜ்யத்துக்குக் கீழே 12 டெசிபெல் அருகில் நிற்கும்படி வைத்துவிட்டுத் தொடவில்லை. அவ்வப்போது ஒரு வீட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிடப் பதிவைக் கேட்டு வந்தார்.

தானாக அளவைக் குறைக்கும் வசதியையும் அணைத்திருந்தார். செல்பேசிப் பதிவுகளில் மேளம் அடிக்கும்போதெல்லாம் குரல் குழிக்குள் விழுந்து எழுவதுபோலக் கேட்பதற்கு அதுதான் காரணம். தப்பின் ஒரு அடிக்கு இயந்திரம் மொத்த ஒலியையும் அமுக்குகிறது. அடி போன பிறகு மெல்ல விடுகிறது. அதற்குள் பாட்டின் அரைவரி போய்விடும். 32 பிட் மிதவைப் பதிவில் அந்தக் கவலை இல்லையே என்று கேட்டேன். பதிவுக் கருவி வெடிக்காது, மைக் வெடிக்கும் என்றார். உருமாலில் செருகிய சிறு மைக் அதற்குச் சான்றாக அன்றே அமைந்தது. ஒரு கூட்டம் ஒரு கை தூரத்தில் உரசிப் போனபோது, மீட்டர் உச்சத்தைத் தொடாமலே அதன் ஒலி கரகரத்தது. கோட்டுப் படத்தில் தலை தட்டையாகவில்லை, காதில் மட்டும் கீறல் கேட்டது. அந்தக் கீறலைப் பிறகு எதனாலும் எடுக்க முடியாது.

அடுத்த எதிரி தண்ணீர். துருத்தியால் பீய்ச்சும் நீர் யாரையும் விடாது. விடவும் கூடாது, அது வேண்டுதல். மைக்கின் பஞ்சுறை நனைந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும். 'ச'கரம் மழுங்குவதுதான் முதல் அடையாளம். உதவியாளர் காய்ந்த பஞ்சுறைகளைப் பாலிதீன் பையில் மடித்து இடுப்பில் வைத்திருந்தார். ஒரு கண்ணி முடிவில், பெரியவர் மூச்சு வாங்கும் நேரத்துக்குள் மாற்றிவிடுவார்.

மறுநாள் பகலில் இரண்டு பதிவுகளையும் கணினியில் சேர்த்துக் கேட்டபோது மாடிச் சுவர் மைக்கின் வேலை புரிந்தது. நெருங்கிய மைக்கில் குரல் இருக்கிறது, தெரு இல்லை. மாடியில் பதிந்த மேளத்தையும் கோவிந்தா முழக்கத்தையும் அதன் அடியில் மெல்ல ஏற்றினால் இடம் உருவாகிறது. ஆனால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் வந்திருக்கும். ஒரு மீட்டருக்குச் சுமார் 3 மில்லிநொடி. பத்து மீட்டர் வித்தியாசமென்றால் 30 மில்லிநொடி, தப்பு இரட்டை அடியாகக் கேட்கும். தெருவில் ஒருமுறை கைதட்டிப் பதிந்திருந்தார்கள். அந்தத் தட்டலை வைத்து ஒலிப்பதிவாளர் இரு பதிவுகளையும் இணைத்து, பெரியவர் நடந்து இடம் மாறிய இடங்களில் ஒரு தப்படியைப் பார்த்து மறுபடி நகர்த்தினார். மாடிப் பதிவில் மட்டும், குரலுக்குச் சொல் தரும் பட்டையைச் சற்றே தாழ்த்தினார்.

சத்தம் குறைந்த நேரம் ஒலியை மூடும் கதவு எதையும் போடவில்லை. குரலுக்குத் திறக்க வேண்டிய கதவை ஒவ்வொரு தப்படியும் திறந்துவிடும் என்பது காரணம்.

சேர்த்த பதிவைப் பெரியவரோடு மூத்த தப்புக்காரர் ஒருவரும் கேட்டார். பெரியவருக்குத் திருப்தி. தப்புக்காரர் பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து, "எங்க அடி ரொம்பச் சின்னதாக் கேக்குதேப்பா" என்றார். ஒலிப்பதிவாளர் அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டார். இரவு முழுக்கக் குரலைக் காப்பாற்றுவதற்காகத் தள்ளி வைத்ததும் ஒரு கலைஞரின் கைதானே. வர்ணிப்புக்காகச் சமன் செய்த பதிவில் தப்பை ஏற்ற முடியாது. ஏற்றினால் சொல் போகும். அதனால் திருவிழா முடிந்த பின் ஒரு மாலையில், சுவர் இல்லாத திறந்த பொட்டலில், இரட்டை மைக்கை ஐந்து மீட்டரில் நிறுத்தி அந்தக் கூட்டத்தின் அடிகளைத் தனியாகப் பதிவதென்று பேசி முடித்தார்கள். தப்புக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வைக்கோல் அவர்கள் சொல்லும் அளவுக்கு வேண்டும், ஒவ்வொரு அடிவகைக்கும் முன்னால் தோல் காய்ந்து ஏற நேரம் கொடுக்க வேண்டும்.