விசாரிக்க ஓர் ஆள்

வெளிநாட்டில் இருப்பவர் அப்பா அம்மாவின் சாவுக்கு வந்து சேராவிட்டால், "கொள்ளி போடக்கூட வரல" என்று ஊர் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. விசா நிலுவையில் கிடந்திருக்கலாம். வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற நிலை இருந்திருக்கலாம். அந்த வரி என்னை உறுத்தியதால், தொலைவில் இருக்கும் பிள்ளைக்குப் பழைய முறைகளில் இடமே இல்லையா என்று தேடினேன். இருக்கிறது. அயலிடத்தில் சாவுச் செய்தி கேட்பவருக்கு மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் தனி விதியே சொல்கிறது: 10 நாளுக்குள் கேட்டால் மிச்ச நாட்களுக்குத் தீட்டு, அதைக் கடந்தால் 3 இரவு, ஓராண்டும் கடந்திருந்தால் ஒரு முழுக்கு. வர முடியாதவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள் என்பது ஆறுதல்தான். ஆனால் அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தும் கிடைத்தது தீட்டுக் கணக்கு மட்டுமே. அழுகிறவர் பக்கத்தில் யார் உட்காருவது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் நம் வாயிலேயே இருந்தது. நாம் துக்கம் 'விசாரிக்க'ப் போகிறோம். தென்மாவட்டங்களில் துட்டி 'கேட்க'ப் போகிறோம். இரண்டுமே கேள்விதான், ஆறுதல் சொல்வது அல்ல. 'விசாரம்' என்ற சொல்லுக்கே ஆராய்வது என்றும் கவலை என்றும் இரு பொருள். சாவு வீட்டில் நடப்பதும் அதுதான்: வருகிற ஒவ்வொருவரும் "என்ன ஆச்சு, கடைசியா என்ன சாப்பிட்டார்?" என்று கேட்க, மகள் அதே கதையை நாற்பது தடவை சொல்லுகிறாள். சொல்லச் சொல்லத்தான் நடந்தது நடந்ததாக ஆகிறது. டொராண்டோவில் இருக்கும் மகனுக்கு இல்லாமல் போவது கடைசி முகம் மட்டும் அல்ல, கேட்க வருகிற அந்த நாற்பது பேரும்தான்.

மதுரையில் பிற்பகல் 3 மணிக்கு எடுக்கிறார்கள் என்றால் குளிர்காலத்தில் டொராண்டோவில் அதிகாலை 4.30. கைப்பேசியில் காடு வரை பார்த்துவிட்டு, இணைப்பு அறுந்ததும் இருட்டில் தனியாக நிற்கும் அந்தப் பத்து நிமிடம்தான் மிகக் கொடியது. நண்பர் இருக்க வேண்டிய நேரம் அது. முந்தைய இரவே போய்த் தங்கிவிடலாம். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் சோறும் ரசமும் கையோடு கொண்டுபோகலாம். வேறு ஊரில் இருந்தால் அழைப்பைத் துண்டிக்காமல், பேசாமலே கூட இருக்கலாம்.

கேட்டால் புண்ணைக் கிளறியதாகாதா என்பார்கள். ஆனால் "அழாதே, அவர் நல்லபடியா போனார்" என்பதுதான் பேச்சை அடைக்கிறது. பக்கத்தில் இல்லாதவருக்குச் சொல்ல என்ன இருக்கும் என்றும் கேட்கலாம். கடைசி அழைப்பு இருக்கிறது. "கடைசியா எப்போ பேசினே, என்ன சொன்னாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "சாப்பிட்டியான்னு கேட்டாங்க" என்று பேச்சு தொடங்கும். பேச மனமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. 16ஆம் நாள் காரியத்தன்று மறுபடி கேட்கலாம். ஊரில் கூட்டம் கலைந்திருக்கும், அவரும் வேலைக்குத் திரும்பியிருப்பார். அன்று பேச வாய்ப்பு அதிகம். கிளம்பும்போது, சாவு வீட்டில் செய்வதுபோலவே, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகலாம்.